தலைவர் பலகையில் பூஜ்யம்

சங்கத்தின் பெயரில் ஒன்பது சொற்கள் இருந்தன. உறுப்பினர்கள் ஏழு பேர். ஆளுக்கு ஒரு சொல் என்று பங்கு போட்டாலும் இரண்டு மிஞ்சும் அந்தப் பெயரைத் தலைவர் ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் மூச்சு விடாமல் ஒரு முறை சொல்வார். சொல்லி முடித்ததும் செயலாளர் தண்ணீர் கொடுப்பார். இது விதிமுறையில் இல்லை, ஆனாலும் வழக்கமாகிவிட்டது.

செயலாளருக்கு ரொட்டிக்கடை. கூட்டம் அவர் கடையின் பின்னறையில் நடக்கும், மாலை நான்கு மணிக்கு அடுப்பு ஆறிய பிறகு. உட்காருவதற்கு மாவு மூட்டைகள். தலைவருக்கு மட்டும் நாற்காலி. கூட்டம் முடிந்து எழும்போது எல்லோருடைய பின்புறமும் வெள்ளையாக இருக்கும், தலைவருடையதைத் தவிர. பதவியால் அவர் அடைந்த லாபம் இது ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும், கைசுத்தமான மனிதர்.

அன்றைய கூட்டத்துக்கு ஒரே ஒரு பொருள்தான். பழத்தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பன்னிரண்டு தேனீப் பெட்டிகளை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்புறப்படுத்துவது.

பெட்டிகள் லேப்காரியுடையவை. ஊர் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் சங்கத்தில் அவளுக்கு அந்தப் பெயர். தலைவருக்கு அவள் மனைவியின் தங்கை. ஆனால் சங்கத்தில் உறவு பார்க்கக் கூடாது என்பது தலைவரின் கொள்கை. கொள்கைக்காக மச்சினியின் பக்கமே அவர் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துப் பேசினார்.

குற்றச்சாட்டுக்கு ஆதாரம் தேடி யாரும் அலையவில்லை. அவளே கொடுத்திருந்தாள். சங்கத்தின் விதிப்படி ஒவ்வொருவரும் கோடையின் முடிவில் தங்கள் பெட்டிகளில் வரோவா உண்ணி, அதாவது தேனீயின் உடம்பில் ஒட்டி உறிஞ்சும் பூச்சி, எவ்வளவு என்று எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அடித்தட்டில் வலை போட்ட பெட்டிதான் எல்லோரிடமும். வலைக்குக் கீழே ஒரு வெள்ளைப் பலகையைச் செருகி, மூன்று நாள் கழித்து உருவி, மேலேயிருந்து விழுந்திருக்கும் உண்ணிகளை எண்ணுவது வழக்கம். மற்றவர்கள் இரண்டு, ஐந்து, நான்கு என்று எழுதியிருந்தார்கள். தலைவரின் நாற்பது பெட்டிகளுக்கும் நேரே, அச்சடித்தது போன்ற கையெழுத்தில், நாற்பது பூஜ்யங்கள். லேப்காரி பலகையோடு நிற்கவில்லை. சர்க்கரைத்தூள் போட்டுத் தேனீக்களைக் குலுக்கிப் பார்த்து, 'நூறு ஈக்கு எட்டு உண்ணி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். நூறுக்கு மூன்றைத் தாண்டினாலே ஆபத்து என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை இவ்வளவு தெளிவான கையெழுத்தில் யாரும் செய்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பெட்டிகளில் நூறுக்கு ஒன்றுதான் இருந்தது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் மருந்து வைத்து முடித்திருந்தாள். ஒரு தாய் உண்ணி, ஈக்கள் மெழுகால் மூடப்போகும் புழு அறைக்குள் நழுவி, அது மூடியிருக்கும் பன்னிரண்டு நாளில் உருப்படியாக வளர்த்தெடுப்பது ஒரு மகளையோ, மிஞ்சினால் இரண்டையோதான். மூன்று வாரத்தில் ஒன்று எட்டாக வேண்டுமென்றால் அது பிரசவக் கணக்கில்லை; வெளியேயிருந்து வந்து இறங்கியிருக்க வேண்டும். பூவில்லாத இந்தக் காலத்தில் பலமான கூட்டின் ஈக்கள் நோயில் தளர்ந்த கூட்டுக்குள் புகுந்து தேனைத் திருடும். திரும்பும்போது உண்ணியையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வரும். ஆகவே பக்கத்தில் எங்கோ ஒரு கூட்டம் சரிந்துகொண்டிருக்கிறது என்றாள்.

பக்கத்தில் என்றால், அவளுடைய ஈக்கள் பறக்கும் தூரத்தில், தோட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஒரே ஒருவருடைய பெட்டிகள்தான் இருந்தன. அறை முழுக்க எல்லோரும் மாவு மூட்டைகளை ஆராயத் தொடங்கினார்கள்.

தலைவர் எழுந்தார். தேனீயிடமிருந்து மனிதன் கற்க வேண்டிய ஐந்து பண்புகளைச் சுருக்கமாக இருபது நிமிடம் விளக்கினார். பிறகு, தன் வாழ்நாள் முழுவதும் எடையளவு ஆய்வாளராகப் பணியாற்றியவர் என்ற முறையில், எண்ணிக்கை என்றால் என்ன என்று தனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றார். அது உண்மைதான். அந்த வட்டாரத்தில் கள்ளத்தராசு வைத்திருந்த கடைக்காரர்கள் அவருடைய செருப்புச் சத்தத்தையே அடையாளம் வைத்திருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரரின் தராசையும் ஒரு முறை முத்திரை உடைந்ததென்று பறிமுதல் செய்தவர். ரொட்டிக்கடைக்காரர் செயலாளராக இருப்பது மரியாதையாலா பயத்தாலா என்பது அவருக்கே தெரியாது.

தோட்டத்துச் சொந்தக்காரர், அதுவரை கண்ணை மூடியிருந்தவர், தனக்குத் தேவை வசந்தத்தில் மரம் பூக்கும்போது ஈ, அவ்வளவுதான், நோய் இருக்கும் பெட்டி போகட்டும், இல்லாத பெட்டி இருக்கட்டும் என்றார். கைகள் உயர்ந்தன. லேப்காரிக்கு ஆறு நாள் கெடு.

அவளுக்குக் கொண்டுபோய் வைக்க இடம் கிடையாது. குடியிருப்பது மூன்றாம் மாடியில். சுற்றுவட்டாரத்தில் அறுவடை முடிந்த வெற்று வயல்கள். அங்கே வைத்தால், ஈக்கள் திருடிச் சேர்த்ததையும் தின்று தீர்த்துவிட்டுக் குளிர் தொடங்கும்போது பட்டினி கிடக்கும். விற்றுவிடலாம். ஆனால் பதிவேட்டில் எட்டு என்று எழுதிய பெட்டியை வாங்க எந்தப் பைத்தியக்காரன் வருவான்? ஆறு வருடத்தில், ஒரு வேலிக்கம்பத்தில் தொங்கிய ஒற்றைக் கூட்டத்திலிருந்து, கொட்டாத ஈக்களைப் பெறும் ராணியாகப் பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டாகப் பெருக்கியவை. பகலெல்லாம் ஊராரின் ரத்த அணுக்களை எண்ணிவிட்டு மாலையில் அங்கே போய் உட்கார்ந்தால் எதையும் எண்ண வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள். அங்கேயும் எண்ணத்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனாள். சிபாரிசு கேட்பதற்குத்தான், வேறெதற்கும் இல்லை. அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது. கதவைத் திறந்ததுமே, தன்னிடம் கேட்டுப் பயனில்லை என்றும், அந்த மனிதர் முப்பது வருடமாகத் தன் சமையலறை அளவுக் கரண்டியையே ஆண்டுக்கொரு முறை சோதிக்கிறவர் என்றும் சொல்லிவிட்டு, வேலையைத் தொடர்ந்தாள். வேலை, எறும்பு விரட்டுவது.

சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் கொல்லை, அதுவே பழத்தோட்டத்தின் மேற்கு ஓரம். கொல்லையில் தலைவரின் நாற்பது பெட்டிகள், நாலு வரிசையாக, எண் எழுதி, இஞ்சு பிசகாமல். முதல் வரிசையின் கால்களிலிருந்து ஓர் எறும்புச் சாரை புறப்பட்டு, சுவரேறி, ஜன்னல் விளிம்பு வழியாகச் சுவரிடுக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை டப்பா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் தனக்குப் புரியவில்லை என்றாள் அக்கா. "கோடை பூரா இதே பாடுதான்டி. வீட்டுல இனிப்பு இத்தனை இருக்கு, ஒண்ணுத்தையும் தொடல. ஏதோ செவப்பா விதை மாதிரி தூக்கிட்டுப் போகுதுங்க."

தங்கை குனிந்தாள். பிறகு பையிலிருந்து ஒட்டும் நாடாவைக் கிழித்து சாரையின் மேல் அழுத்தி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒட்டியிருந்தது மூன்று எறும்பும் இரண்டு விதையும். விதைகள் செம்பழுப்பாக, பளபளப்பாக, நீளத்தைவிட அகலம் கூடுதலாக, நண்டோட்டைச் சின்னதாக்கியது போல இருந்தன. ஓரத்தில் எட்டுக் கால்கள்.

"அக்கா, அத்தான் பலகைக்கு எறும்பு ஏறாம எண்ணெய் எதுவும் தடவுறாரா?"

அக்கா சிரித்தாள். பெட்டிக்கு அடியில் 'வாஸலின்' என்ற சொல்லை எடுத்ததற்கே செயலாளர் ஒரு தடவை தலைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பெட்ரோலியப் பொருள் எதுவும் தன் ஈக்களின் வீட்டு வாசலை மிதிக்காது. தூய்மையான தேன், தூய்மையான பலகை. அந்தப் பலகைகளைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கொடுப்பது அக்காவின் வேலை. தூய்மை என்ற கொள்கைக்கு எப்போதுமே யாரோ ஒருவர் பலகை கழுவ வேண்டியிருக்கிறது.

தலைவர் மாடியில் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். லேப்காரி நாடாவைக் காட்டவில்லை. காட்டியிருந்தால், அது அவளுடைய திருட்டு ஈக்கள் கொண்டுவந்து போட்டது என்று ஒரு நொடியில் தீர்ப்பாகியிருக்கும். அவள் வேறு வழியில் போனாள். கடைகளுக்குச் சோதனைக்குப் போகும்போது, அத்தான் முதலில் எதைச் சோதிப்பார், சரக்கையா, தராசையா என்று கேட்டாள்.

தலைவர் பேனாவை மூடினார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர். "தராசைத்தான். தெரிஞ்ச எடைய வச்சுப் பாப்பேன். தராசே கோளாறுன்னா அதுல நிறுத்தது எதுவும் செல்லாது. இது அரிச்சுவடி."

"உங்க பலகையும் ஒரு தராசுதானே, அத்தான். தெரிஞ்ச எடை வச்சுப் பாக்கலாமா?"

பிறகு அவள் சொன்னது இது. தன் பெட்டிகளிலிருந்து குலுக்கி எடுத்த, செத்துக் காய்ந்த உண்ணிகள் தன்னிடம் நிறைய இருக்கின்றன. மூன்று பலகைகளில் முப்பது முப்பதாக எண்ணி வைப்போம். இரண்டு பலகை அத்தான் வழக்கப்படி, சுத்தமாக. மூன்றாவதில் மட்டும் அக்காவின் சமையல் எண்ணெயை மெல்லிசாகத் தடவுவோம், பெட்ரோலியம் இல்லை. மூன்றையும் மூன்று பெட்டிக்கு அடியில் செருகிவிட்டு, நாளைக்கு இதே நேரத்துக்கு எண்ணுவோம்.

தலைவர் யோசித்தார். அவமானம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை, ஆனால் வருகிறது என்று தெரிந்தது. மேலேயிருந்து விழுவதும் முப்பதோடு சேர்ந்துவிடுமே, அப்புறம் எப்படிக் கணக்கு என்று ஆட்சேபித்தார்.

"உங்க பெட்டியிலதான் உண்ணியே இல்லையே, அத்தான்."

இதற்கு மேல் ஒரு மனிதன் தன் நாற்பது பூஜ்யங்களையும் மறுக்காமல் சோதனையை மறுக்க முடியாது. தலைவர் எழுந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

முப்பதையும் அவரே எண்ணினார். மூன்று தடவை. மச்சினி எண்ணிக் கொடுத்ததை நம்பும் பழக்கம் அவரிடம் இல்லை. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பத்துப் பத்து வரிசையில் அடுக்கினார். பலகைகளைச் செருகியபின் மூன்று பெட்டியின் அடித்தட்டிலும் நூல் கட்டி, அரக்கு உருக்கி, ஓய்வு பெற்றபோது ஒப்படைத்திருக்க வேண்டிய ஒரு முத்திரையைக் குத்தினார். அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று, கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சாட்சி வைக்கவில்லை என்றாள்.

அடுத்த நாள் மாலை முத்திரைகள் உடையாமல் இருந்தன. தலைவர் அதைக் குறிப்பேட்டில் எழுதினார். முதல் பலகையை உருவினார். மெழுகுத்தூள் கோடு கோடாக விழுந்திருந்தது, கொஞ்சம் மகரந்தம். முப்பதில் ஒன்றுகூட இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டாவது பலகையில் ஒன்று இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஒரு பக்கம் தூக்கியது. அடியில் எறும்பு. அது பலகையின் விளிம்பு வரை போய், திரும்பி, இறங்கிப் போய்விட்டது. தலைவர் தடுக்கவில்லை. முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் எத்தனையோ கள்ளத்தராசைப் பிடித்தவருக்கு, எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடும் தராசு இதுதான் முதல் தடவை.

மூன்றாவது, எண்ணெய்ப் பலகை. அதை உருவியதும் யாரும் எண்ணத் தேவையில்லை என்று தோன்றியது. தலைவருக்கு அப்படித் தோன்றவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணினார். வரிசையாக அடுக்கிய முப்பதும் அப்படியே இருந்தன. முப்பத்தொன்று என்று சொல்லும்போது அவர் குரல் ஆய்வாளரின் குரலாகத்தான் இருந்தது. ஐம்பதில் வேகம் குறைந்தது. அறுபதைத் தாண்டியபோது அக்கா, போதுங்க, புரிஞ்சுதே என்றாள். அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு எண்ணினார். எண்பத்தெட்டில் முடிந்தது. முப்பதைக் கழித்து, ஒரே ஒரு பெட்டியில் ஒரே நாளில் விழுந்தது ஐம்பத்தெட்டு என்று எழுதினார். எழுத்து வழக்கம்போல அச்சடித்ததாகவே இருந்தது. கையில் மட்டும் எண்ணெய்.

பிறகு தலைவர், உண்ணி இருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று, யாரிடமும் இல்லாமல், கேட்டார். லேப்காரி, கீழ் அறையைக் கடைசியாகத் திறந்தது எப்போது என்று கேட்டாள். தேன் நிரம்பும் மேலறையை மட்டும் திறப்பதும், ராணி முட்டையிட்டுப் புழு வளர்க்கும் கீழறையைத் தாய்வீடு என்று பெயர் வைத்துத் தொடாமல் விடுவதும் அவருடைய கொள்கைகளில் இன்னொன்று. ஆண்டு மலரில் அதைப் பற்றி இரண்டு பக்கம் வந்திருக்கிறது.

திறந்தார்கள். ஈக்களை அடக்கும் புகைமூட்டியை அக்கா பிடித்தாள்.

நல்ல கூட்டில் மூடிய புழு அறைகள் ஒன்றோடொன்று நெருங்கி, ரொட்டியின் மேல்தோல் போல ஒரே சீராக, லேசாகப் புடைத்து இருக்கும். இங்கே அடை கட்டிய மரச்சட்டத்தில் மூடியவையும் காலியானவையும் சிதறிக் கிடந்தன. பல மூடிகள் உள்ளே குழிந்து, கறுத்து, சிலவற்றில் ஊசித்துளை. ஈக்களே மோப்பம் பிடித்து, கெட்டதென்று தெரிந்து, பாதி கடித்துத் திறந்து வைத்திருந்தன. திறந்த அறையில் பிறக்காத ஈயின் வெள்ளைத் தலை தெரிந்தது. லேப்காரி ஒரு மூடியைக் கிள்ளி, உள்ளே இருந்த கூட்டுப்புழுவை இடுக்கியால் மெதுவாக இழுத்தாள். அதன் வயிற்றில் செம்பழுப்பாகத் தாய் உண்ணி. அறையின் அடியில் இன்னும் நிறம் ஏறாத இரண்டு வெளிர் மகள்கள். சுவரில் சுண்ணாம்புப் பொட்டாக அவற்றின் கழிவு. மனித உடம்பில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பிராணி ஒட்டிக்கொண்டு, உள்ளிருக்கும் கொழுப்பைத் தின்றால் எப்படியோ அப்படி. அந்தக் காயத்தின் வழியாகத்தான் வைரசும் இறங்குகிறது. சட்டத்தின் ஓரத்தில் புதிதாகப் பிறந்த ஈ ஒன்று நடந்தது. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் கசக்கிப்போட்ட நூல்.

இந்த மாதிரி ஈக்கள் பெட்டி முன்னால் தரையில் ஊர்ந்துகொண்டிருந்ததை அவர் இரண்டு வாரமாகப் பார்த்திருக்கிறார். பறக்கப் பழகும் இளசுகள் என்று விருந்தாளிகளிடம் விளக்கியும் இருக்கிறார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். வெள்ளை உடையில் தலைவர் என்று தைத்திருப்பவர் சொன்னால் ஆட்டாமல் என்ன செய்வது?

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே," என்றார் தலைவர். குரலில் கோபம் இல்லை.

"எட்டுன்னு எழுதுனவளையே வெளிய அனுப்புனீங்க, அத்தான்."

அவர் சட்டத்தை அதே இடத்தில் அதே பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு, செயலாளரையும் தோட்டத்துச் சொந்தக்காரரையும் மற்ற உறுப்பினர்களையும் நாளைக் காலையில் இங்கே வரச் சொல்ல வேண்டும், கூட்டம் நாற்காலி இல்லாமல் நடக்கும் என்றார்.

காலையில் அவரே குலுக்கினார். விதிப்படி தன் பெட்டியைத் தானே எண்ண வேண்டும். லேப்காரி பக்கத்தில் நின்று சொல்ல மட்டும் செய்தாள். மேலறை வேண்டாம், குழந்தை வளர்க்கும் ஈக்கள் மேல்தான் உண்ணி ஏறும், ஆகவே கீழறையிலிருந்து புழுச் சட்டம். முதலில் ராணி அதில் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பார்த்தார். சட்டத்தைத் தட்டி, அரைக் கோப்பை ஈ, ஏறத்தாழ முந்நூறு, ஜாடிக்குள். வலை மூடி. அதன் வழியே இரண்டு கரண்டி சர்க்கரைத்தூள். உருட்டிவிட்டு இரண்டு நிமிடம் நிழலில். ஈக்களின் சூட்டில், தூளில் கால் வழுக்கி உண்ணி பிடியை விடும். பிறகு தலைகீழாக, வெள்ளைத் தட்டின் மேல், ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். தலைவர் உப்புத் தூவுவது போலக் குலுக்கினார். இன்னும் பலமா என்று செயலாளர் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் போனார்.

தட்டில் தண்ணீர் தெளித்ததும் சர்க்கரை கரைந்தது. கரையாமல் நின்றவை நகர்ந்தன. நாற்பத்து நான்கு. மூன்றால் வகுத்தால் நூறுக்கு ஏறக்குறைய பதினைந்து. அடுத்த பெட்டியில் பன்னிரண்டு. மூன்றாவதில் மறுபடி பதினைந்து. சர்க்கரை பூசிய ஈக்கள், பேயறைந்தது போல வெள்ளையாக, வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தோழிகளால் நக்கிச் சுத்தம் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றும் சாகவில்லை.

தலைவர் பதிவேட்டைத் திறந்து, நாற்பது பூஜ்யங்களின் மேலும் அடிக்கோலால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் சுருக்கொப்பம் வைத்தார். அரை மணி நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் எழுந்து, சங்கத்தின் முழுப் பெயரையும் சொல்லி, ஒரு திருத்தத் தீர்மானம் கொண்டுவந்தார். நோயுள்ள பெட்டிகள் ஞாயிற்றுக்கிழமைக்குள் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்பது சங்கத்தின் முடிவு. நோயின் ஊற்று மேற்கு ஓரம் என்று நிரூபணமாகிவிட்டது. ஆகவே வெளியேற வேண்டியது தன்னுடைய நாற்பது.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. லேப்காரி அக்காவைப் பார்த்தாள். அக்கா வானத்தைப் பார்த்தாள்.

தோட்டத்துச் சொந்தக்காரர் முதல் முறையாக முழுசாகக் கண்ணைத் திறந்தார். "நாப்பதும் போயிட்டா வசந்தத்துல என் மரத்துல பூப்பூவா உக்கார நீங்க வருவீங்களா தலைவரே? உக்காரச் சொல்லுங்கய்யா இவர."

உட்கார நாற்காலி இல்லை. தலைவர் கவிழ்த்த பெட்டிமூடியின் மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் ஒரு பெரிய விஷயம் முடிந்தது போல மற்றவர்கள் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்கள். யாரையும் அனுப்பிப் பயனில்லை என்றாள் லேப்காரி. தன்னை மட்டும் அனுப்பியிருந்தாலும், இங்கே கூடு சரியச் சரிய மேற்குப் பக்கம் இருக்கும் மற்ற ஐந்து பேருடைய ஈக்களும் திருட வரும், வாரிக்கொண்டு போகும். ஒரே வாரத்தில், எல்லோரும், எல்லாப் பெட்டிக்கும் மருந்து. மூடிய அறைக்குள்ளும் புகக்கூடியது வேண்டும், ஏனென்றால் உண்ணியில் பெரும்பாதி அங்கேதான் இருக்கிறது. பார்மிக் அமில ஆவி அதைச் செய்யும். வெயில் முப்பது டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கிறது, தேனும் எடுத்தாகிவிட்டது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அது எறும்பிலிருந்து முதலில் எடுத்த அமிலம் என்பதைச் செயலாளர் எங்கோ படித்திருந்தார். சொன்னார். அந்தக் கொல்லையில் அன்று யாருக்கும் எறும்பைப் பற்றிக் கேட்கும் மனநிலை இல்லை.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கிழக்கு ஓரத்துப் பன்னிரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். லேப்காரி வீட்டுக்குப் போகும் வழியில் அங்கே போய்ப் பார்த்தாள். அவளுடைய திருடர்கள் மேற்கிலிருந்து வயிறு நிறைய வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாசல்களை ஈ ஒன்று நுழையும் அளவுக்கு அடைத்துவிட்டு, வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

மருந்து தாமதமாகத்தான் வந்தது என்பதை அவள் அப்போதே அத்தானிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. குளிர் முழுக்க உயிரோடு இருந்து கூட்டைக் காக்க வேண்டிய ஈக்கள் இந்த வாரங்களில் பிறப்பவைதான். அறைக்குள்ளேயே கொழுப்பை உறிஞ்சக் கொடுத்துவிட்டுப் பிறந்தவை பனி வரும் வரை தாங்காது. உண்ணியைக் கொல்லலாம், அது தின்றதைத் திரும்ப வாங்க முடியாது. ஐந்து வாரத்தில் தலைவரின் நாற்பதில் பதினேழு காலியாகின. மிச்சத்தில் பாதி, ஒரு கைப்பிடி ஈயோடு நடுங்கின. லேப்காரியின் பன்னிரண்டில் ஒன்று போயிற்று. மற்றவற்றில் உண்ணி நூறுக்கு ஒன்றுக்கும் கீழே.

நலிந்த கூடுகளை இரண்டிரண்டாகச் சேர்க்க அவள் ஒரு விடுமுறை நாளில் மேற்கு ஓரத்துக்குப் போனாள். ராணிகளில் சோடையானதை எடுத்துவிட்டு, ஒரு பெட்டியின் மேல் இன்னொன்றை வைப்பார்கள். நேரடியாக வைத்தால் ஒன்றையொன்று கடித்துக் கொல்லும். நடுவில் ஒரு செய்தித்தாள் விரித்து, ஊசியால் நாலு துளை போட்டால், கடித்துக் கிழித்து முடிப்பதற்குள் வாசனை கலந்து சமாதானமாகிவிடும். தலைவர் வீட்டுக்குள்ளிருந்து பழைய தாள்கள் கொண்டுவந்தார். அவர் விரித்த பக்கத்தில், மாவட்டக் கண்காட்சியில் அவர் பரிசு வாங்கும் படம் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவர் தாளைத் திருப்பிப் போடப் போனார், பிறகு அப்படியே விட்டார்.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன. கடிக்கத்தானே போகுதுங்க."

நாலு துளையையும் அவரே போட்டார், படத்தின் மேல், சம இடைவெளி விட்டு. மேல் பெட்டியை இறக்கும்போது மட்டும் கொஞ்சம் பிடி என்றார். அவள் பிடித்தாள். இறக்கியதும், அடித்தட்டிலிருந்து பலகையை உருவி, ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, எண்ணெய் பளபளத்த அதை அவளிடம் நீட்டினார். விதிப்படி அவர்தான் எண்ண வேண்டும் என்று அவள் நினைவூட்டினாள்.

"நான் எண்ணிட்டேன். நாலு," என்றார் தலைவர். "நீ ஒரு தடவ எண்ணு."